கியர்பொக்ஸ் கற்றுக்கொள்வது எதை? ‘ரீசெட்’ செய்தால் அழிவது எது?

கடந்த வருடம் வெள்ளவத்தையில் என் ஒன்றுவிட்ட அண்ணாவின் வீட்டில் ஒரு சிறிய சண்டை நடந்தது. காரணம் அவர்களுடைய பழைய ஜீப். ஆறு கியர் கொண்ட ஒட்டோ வாகனம், 1 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் ஒரு கணம் வெறுமனே இரைந்துவிட்டுப் பிறகுதான் பிடித்தது. கராஜில் காட்டியபோது கிடைத்த விளக்கம் இதுதான்: “ஒட்டோ கியர்பொக்ஸ் ஓட்டுகிற ஆளின் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். வீட்டில அம்மா மெதுவா ஓட்டுறதால பெட்டி சோம்பல் பழகிட்டுது. ஒயில் மாத்தி ரீசெட் பண்ணினால் புதுசு மாதிரி வரும்.”

அந்த ஜீப்பை அதிகம் ஓட்டுவது அண்ணி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், தன் தாயாரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதும் அவர்தான். ஆகவே பழி முழுவதும் அவருடைய தலையில் விழுந்தது. ஒயில் மாற்றினார்கள், ரீசெட்டும் செய்தார்கள். அடுத்த நாளிலிருந்து நிலைமை இன்னும் மோசமானது. சிக்னலில் நிற்கப்போகும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல ஓர் அடி. டிரைவில் போட்டால் ‘டங்’ என்று ஒரு சத்தம். இரண்டு கிழமை கழித்து அதே கராஜில் “பெட்டி போயிட்டுது, பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பெட்டி எடுத்துப் போடுவம், ஆறரை லட்சம் வரும்” என்றார்கள். அதன் பிறகுதான் அண்ணா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இருந்த வாகனங்களையே எல்லோரும் இழுத்து ஓட்டினோம். பத்து, பன்னிரண்டு வயதான ஒட்டோ கியர்பொக்ஸ்கள் கொழும்பு வீதிகளில் நிறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ‘ரீசெட்’ என்ற சொல் இன்று ஒவ்வொரு கராஜிலும் காதில் விழுகிறது. அதனால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அந்த ஜீப்பை வைத்தே சொல்கிறேன்.

கற்பது ஓட்டுபவரை அல்ல

கைக் கியர் வாகனத்தில் கியர் மாற்றும்போது நாம் ஒரு காலால் கிளச்சை மிதித்து எஞ்சினைப் பிரித்து, கியரை மாற்றி, மறுபடி மெதுவாக விடுகிறோம். வழமையான ஒட்டோ பெட்டிக்குள் ஒரு கிளச் அல்ல, நாலைந்து கிளச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தட்டுத் தட்டாக அடுக்கிய ஒரு கட்டு. ஒயில் அமுக்கம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் அந்தக் கட்டை நெரிக்க, கியர் பிடிக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதென்றால், பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கட்டு விட வேண்டும். அதே கணத்தில் இன்னொரு கட்டு பிடிக்க வேண்டும்.

அந்தக் ‘கணம்’தான் பிரச்சினை. புதிதாகப் பிடிக்கப்போகும் கட்டின் பிஸ்டனுக்கு முன்னால் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். முதலில் அந்த வெளியை ஒயில் நிரப்ப வேண்டும். இதற்குப் பிடிப்பது ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் இரண்டு பங்கு. கொம்பியூட்டர் இந்த நேரத்தை முன்கூட்டியே கணித்து, சொலனொயிட் வால்வைத் திறந்து, நிரப்பிவைத்துக்கொண்டுதான் பழைய கட்டை விடுகிறது. கணிப்புக் குறைந்தால், பழையது விட்ட பிறகும் புதியது பிடிக்காமல் எஞ்சின் அந்தரத்தில் இரையும். கணிப்புக் கூடினால், பழையது விடமுன் புதியது பிடித்து இரண்டும் கயிறு இழுக்கும். அதுதான் அந்த உதை.

பெட்டி பழசாகும்போது தட்டுகள் தேய்கின்றன. தேய்ந்த அளவுக்கு இடைவெளி கூடுகிறது, நிரப்ப அதிக ஒயில் தேவைப்படுகிறது. றபர் சீல்கள் இறுகி, கொஞ்சம் ஒயில் கசிகிறது. ஆலையில் எழுதிய கணக்கு பத்து வருடத்துக்குப் பிறகு பொருந்தாது. அதனால் கொம்பியூட்டர் ஒவ்வொரு கியர் மாற்றத்தையும் அளந்து, தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்கிறது.

அளப்பது எப்படி? பெட்டிக்குள் போகும் தண்டின் வேகத்துக்கு ஒரு சென்சர், வெளியே வரும் தண்டின் வேகத்துக்கு ஒரு சென்சர். இந்த இரண்டே போதும். ஓர் உதாரணம். இரண்டாவது கியரின் விகிதம் 2.6, மூன்றாவதின் விகிதம் 1.8 என்று வையுங்கள். வெளித்தண்டு நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது கியர் மாறுகிறது. அப்படியானால் உட்தண்டு 2600 சுற்றிலிருந்து 1800 சுற்றுக்கு நேராக, ஒரே சரிவாக இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் 2800க்கு ஏறிவிட்டு இறங்கினால், 200 சுற்று வீணாக இரைந்திருக்கிறது என்று கொம்பியூட்டருக்குத் தெரியும். அடுத்த தடவை நிரப்பும் நேரத்தை ஒரு துளி கூட்டும். இறக்கம் நேரத்தோடு, வெட்டியதுபோலத் தொடங்கினால் ஒரு துளி குறைக்கும். ஒரே தடவையில் பெரிய திருத்தம் செய்யாது. மேட்டில் ஏறும்போதோ, சில்லு வழுக்கும்போதோ கிடைக்கும் ஒரு பிழையான அளவை நம்பிக் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். சிறு சிறு திருத்தங்களாக, பல தடவையில்தான் போய்ச் சேரும்.

இந்தத் திருத்தங்களின் தொகுப்பைத்தான் கற்ற பெறுமானங்கள் என்கிறோம். பல பெட்டிகளில் ஒவ்வொரு கிளச்சுக்கும், ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும், எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்பதற்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் கட்டத்தில் கற்றது, நாலிலிருந்து ஐந்துக்கு உதவாது.

அப்படியானால் ‘ஓட்டுபவரின் பழக்கத்தைக் கற்கிறது’ என்ற கதை முழுப் பொய்யா? இல்லை, பாதி உண்மை. ஜப்பானில் மிட்சுபிஷி 1992இல் கலன்ட் காரோடு இன்வெக்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. மேடு பள்ளத்தையும் எக்ஸிலேட்டரையும் பார்த்து எந்தக் கியர் வேண்டும் என்று தானே தீர்மானிக்கும் முறை அது. 1994இல் எஃப்.ரி.ஓ. என்ற காரில் வந்த இன்வெக்ஸ் 2, சாரதி மிதிக்கும் விதத்தையும் கணக்கில் எடுத்தது. ஜேர்மன் கார்களிலும் அந்தக் காலத்திலேயே இதைப்போன்ற ஏற்பாடுகள் வந்துவிட்டன. எவ்வளவு வேகமாக எக்ஸிலேட்டரை அமத்துகிறீர்கள், எவ்வளவு அடிக்கடி பிரேக் பிடிக்கிறீர்கள் என்பதைப் பார்த்து, கியரை முந்தியே மாற்றுவதா பிந்தி மாற்றுவதா என்று முடிவெடுக்கும்.

ஆனால் இது குறுகிய ஞாபகம். பல வாகனங்களில் சில நிமிட ஓட்டத்திலேயே மாறிவிடும். சிலவற்றில் சாவியை நிறுத்தியதும் போய்விடும். இது தீர்மானிப்பது கியர் எப்போது மாறும் என்பதை. எவ்வளவு மிருதுவாக மாறும் என்பதை அல்ல. மாறும் விதத்தை ஆள்வது முன்னர் சொன்ன தேய்மானக் கணக்கு. அண்ணி மெதுவாக ஓட்டியதால் பெட்டி கொஞ்சம் முந்தி மூன்றாவது கியருக்குப் போயிருக்கலாம். மூன்றாவது கியர் பிடிக்காமல் எஞ்சின் இரைந்ததற்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. இதை நான் அண்ணாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, பக்கத்தில் அண்ணி இருந்திருக்க வேண்டும். “சத்தமா சொல்லச் சொல்லுங்கோ” என்று கேட்டது.

அழித்த பிறகு

ரீசெட் என்பது பெட்டியைப் புதிதாக்குவது அல்ல. கணக்கைப் புதிதாக்குவது. பத்து வருடம் தேய்ந்த இரும்பை, தேயாத இரும்புக்கு எழுதிய கணக்கில் ஓட்டச் சொல்வது. இடைவெளி கூடியிருக்கும் கிளச்சுக்கு மறுபடி ஆலையின் பழைய நிரப்பும் நேரம்தான் கிடைக்கும். எனவே தேய்ந்த பெட்டியில் ரீசெட் செய்த அன்று கியர் மாற்றம் மோசமாவதுதான் இயல்பு. மோசமானதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சரியாகக் கற்பித்தால் திரும்பி வரும். வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

புதிய கிளச் போட்டால், வால்வு பொடி மாற்றினால், வேறு பெட்டி பொருத்தினால் ரீசெட் அவசியம். ஏனென்றால் அப்போது பழைய கணக்கு புதிய இரும்புக்குப் பொருந்தாது. கிழிந்த செருப்புக்காகக் காலைச் சரித்து நடந்து பழகியவர், புதுச் செருப்பிலும் சரித்தே நடப்பதுபோல. ஆனால் எதையுமே மாற்றாமல் கணக்கை மட்டும் அழிப்பதால் ஒரே ஒரு பயன்தான் உண்டு: பிழையாகக் கற்றுவிட்ட ஒன்றை, உதாரணமாகப் பழுதான ஒரு சென்சரால் வந்த பிழையை, அந்தப் பழுதைத் திருத்திய பிறகு நீக்குவது.

இன்னொன்று. பற்றறியின் கறுப்பு வயரைப் பத்து நிமிடம் கழற்றி வைத்தால் எல்லாம் அழியும் என்பார்கள். மின்சாரம் போனால் ஞாபகமும் போகும் பழைய கொம்பியூட்டர்களில் அது உண்மை. பிறகு வந்த பலவற்றில் கற்ற பெறுமானங்கள் நிரந்தர ஞாபகத்தில் எழுதப்படுகின்றன. வயரைக் கழற்றினால் றேடியோவின் நேரம் போகும், கண்ணாடி ஏறி இறங்குவது குழம்பும், கியர்பொக்ஸ் அப்படியே இருக்கும். அதை அழிக்க ஸ்கானர்தான் வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பிற்பகல்

நான் அண்ணாவை ஜீப்போடு கொட்டாஞ்சேனைக்கு வரச் சொன்னேன். ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது கடந்தவர். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் மொறிஸ் மைனருக்கும் ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை. “அந்தக் காருக்கு ஒண்டும் ஞாபகம் இருக்காது தம்பி. எல்லாம் நாங்கள்தான் ஞாபகம் வைச்சிருக்க வேணும்” என்பார். இப்போது அவரிடம் ஸ்கானர் இருக்கிறது. இருந்தாலும் முதலில் காதால்தான் கேட்பார்.

அவர் கேட்ட முதல் கேள்வி, ரீசெட் பண்ணமுன் இருந்த பெறுமானங்களை யாராவது எழுதி வைத்தார்களா என்பது. இல்லை. அண்ணாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மெக்கானிக் தலையை ஆட்டினார். அந்தப் பெறுமானங்கள் பெட்டியின் வைத்திய அறிக்கை. எந்தக் கிளச்சின் திருத்தம் எல்லையை நெருங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தால் எந்தக் கட்டு தேய்ந்திருக்கிறது என்று, பெட்டியைக் கழற்றாமலே ஓரளவு ஊகிக்கலாம். கொம்பியூட்டர் திருத்தக்கூடிய அளவுக்கு ஓர் உச்சம் உண்டு. அந்த உச்சத்தைத் தொட்டுவிட்ட கிளச்சை எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் அது மறுபடி அங்கேதான் போய் நிற்கும். அந்த அறிக்கையை ஒருவர் படிக்காமலே கிழித்துப் போட்டிருந்தார்.

இரண்டாவது கேள்வி: “எப்பிடி ஒயில் லெவல் பாத்தவங்கள்?”

இந்த வகைப் பெட்டிகளில் ஒயில் பார்க்கும் கம்பி இல்லை. கீழே ஒரு அடைப்பு இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய்வந்து, ஒயிலின் வெப்பநிலை நிறுவனம் சொன்ன அளவில் இருக்கும்போது அந்த அடைப்பைத் திறக்க வேண்டும். ஒயில் மெல்லிய நூலாக வழிந்து, சொட்டாக மாறும்போது மூட வேண்டும். அண்ணா சொன்னதன்படி, அந்தக் கராஜில் காலி வீதி நெரிசலில் வந்த சூட்டோடு ஒயில் மாற்றினார்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவைத்துத்தான் அடைப்பைத் திறந்து, வழிந்ததை வழியவிட்டு மூடினார்கள். எஞ்சின் நின்றால், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஒயிலில் ஒரு பகுதி கீழே இறங்கி மட்டம் உயர்ந்து நிற்கும். சூடான ஒயில் விரிந்தும் இருக்கும். இரண்டும் சேர்ந்து, உள்ளே இருக்க வேண்டிய ஒயில் வெளியே போய்விடும்.

முறைப்படி பார்த்தோம். அடைப்பைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை. 900 மில்லிலீற்றர் ஊற்றிய பிறகுதான் நூலாக வழிந்தது. மொத்தம் ஏழு லீற்றர் அளவு பிடிக்கும் பெட்டிக்கு இது சிறிய குறை அல்ல. மட்டம் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஒயில் நுரைக்கும். நுரைத்த ஒயில் பஞ்சுபோல அமுங்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய நேரத்தில் தள்ளாது. ஒரு தடவை காற்று, ஒரு தடவை ஒயில் என்றால் நிரப்பும் நேரம் ஒவ்வொரு தடவையும் மாறும். கொம்பியூட்டர் எதைக் கற்கும்? அந்த இரண்டு கிழமையும் அது நுரையைத்தான் கற்றிருந்தது.

எனவே அந்தப் பெறுமானங்களை மறுபடி அழிக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை மெக்கானிக் முதலில் அவற்றைக் கொப்பியில் எழுதினார், பிறகு அழித்தார்.

அடுத்தது கற்பித்தல். இதைத்தான் பலர் செய்வதில்லை. “ஓட ஓடச் சரிவரும்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அண்ணியின் ஓட்டம் எப்படியானது? வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் பத்து நிமிடம், திரும்பப் பத்து நிமிடம். பெட்டியின் ஒயில் சூடாவதற்கு எஞ்சினைவிட அதிக நேரம் எடுக்கும். கொம்பியூட்டர் குறிப்பிட்ட வெப்பநிலைக்குள் இருந்தால்தான் கற்கும். எக்ஸிலேட்டர் ஒரே அளவில், மிதமாக மிதிபட்டிருந்தால்தான் அளவை நம்பும். நெரிசலில் மிதித்து விட்டு, மிதித்து விட்டு ஓடும்போது பெரும்பாலான அளவுகளை அது குப்பையில் போட்டுவிடும். நாலு, ஐந்து, ஆறாம் கியர்களுக்கோ அந்த ஓட்டத்தில் வேலையே இல்லை. இரண்டு கிழமை அல்ல, இரண்டு மாதம் ஓடியிருந்தாலும் அந்தக் கட்டங்கள் வெறுமையாகத்தான் இருந்திருக்கும். யாழ்ப்பாணம் போய்வந்தால் சரியாகும் என்பதும் பாதிக் கதை. ஏ9 வீதியில் மணிக்கணக்கில் மேல் கியரில் ஓடும்போது கியர் மாறுவதில்லை. மாறாவிட்டால் கற்பதற்கு எதுவும் இல்லை.

மெக்கானிக் செய்த முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு நிறுவனத்தின் கையேட்டிலும் சிறு வேறுபாடு உண்டு, அடிப்படை ஒன்றுதான். முதலில் ஒயில் 70 பாகை வரும்வரை ஓட்டினார். பிறகு வண்டியை நிறுத்தி, பிரேக்கில் காலை வைத்தபடி, நியூற்றலிலிருந்து டிரைவுக்கும், நியூற்றலிலிருந்து ரிவேர்ஸுக்கும் சில தடவை மாற்றினார். ஒவ்வொன்றிலும் சில செக்கன் பொறுத்தார். டிரைவில் போடும்போது வந்த ‘டங்’ அங்கேயே குறையத் தொடங்கியது.

பிறகு பேலியகொடவுக்குப் போய்க் கட்டுநாயக்க அதிவேக வீதியில் ஏறினோம். கொட்டாஞ்சேனைக்காரருக்கு அது ஒரு வசதி, ஏறுமிடம் பக்கத்தில்தான். எக்ஸிலேட்டரைக் கால்பங்கு அளவில் அப்படியே வைத்து, ஆறாம் கியர் வரும்வரை ஒரே சீராக ஏற்றினார். பிறகு காலை எடுத்து, பிரேக்கை மெதுவாகப் பிடித்து வேகத்தை இறக்கினார். அதிவேக வீதியில் நிற்க முடியாது, எனவே முழுதாக நிற்பதை ஜாஎலவில் இறங்கி, உள்ளே அமைதியான ஒரு வீதியில் செய்தோம். நின்ற இடத்திலிருந்து மிதமாக எடுத்து, ஏற்றி, மெதுவாக நிறுத்தி, மறுபடி எடுத்து. நான் பக்கத்திலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றிலிருந்து இரண்டுக்கான எண் முதல் ஐந்தாறு தடவை ஒரே திசையில் படிப்படியாக நகர்ந்தது. பிறகு நகர்வது சுருங்கி, ஓரிடத்தில் முன்னும் பின்னுமாக ஆடி நின்றது. எண் நிலைத்தால் கற்றுவிட்டது என்று அர்த்தம். நிற்கப்போகும்போது வந்த உதை பதினைந்தாவது தடவை அளவில் மறைந்தது. பின்சீட்டிலிருந்த அண்ணா அதைக் கவனிக்கவில்லை, தொலைபேசியில் இருந்தார். உதை இல்லாததை யாரும் கவனிப்பதில்லை.

இரண்டிலிருந்து மூன்று மட்டும் பிடிவாதம். முதலில் 300 சுற்று இரைந்தது 100க்குக் குறைந்தது. அதற்குரிய எண் மற்றவற்றைவிடத் தூரம் போயிருந்தது, ஆனால் எல்லையைத் தொடவில்லை. அங்கே உண்மையாகவே தேய்மானம் இருக்கிறது. வீட்டில் சண்டை தொடங்கியதற்கு முதல் காரணமும் அதுதான். கராஜுக்குப் போகமுன் இருந்த இரைச்சல் அதே கிளச்சில்தான்.

“பெட்டி மாத்த வேணுமோ?” என்று அண்ணா கேட்டார்.

“இப்ப வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து இந்த எண்ணைப் பாப்பம். ஓடிக்கொண்டே போனால், முடிவு அப்ப எடுப்பம்” என்றார் அவர்.

எல்லா ஒட்டோவும் ஒன்றல்ல

மேலே சொன்னது படிப்படியாகக் கியர் மாறும் வழமையான ஒட்டோவுக்கு. கொழும்பில் ஓடும் மற்ற வகைகளுக்குக் கதை வேறு.

டொயோட்டா அக்குவா, பிரியஸ் போன்ற கைபிரிட்களில் கியர் மாற்றும் கிளச்சே இல்லை. இரண்டு மின்மோட்டர்களும் ஒரு கிரகப் பல்லிணைப்பும் சேர்ந்து வேகத்தைப் பங்கிடுகின்றன. நிரப்ப வேண்டிய பிஸ்டனும் இல்லை, கற்க வேண்டிய கியர் மாற்றமும் இல்லை. அக்குவாவுக்குக் ‘கியர்பொக்ஸ் ரீசெட்’ என்று காசு கேட்டால், எதை ரீசெட் செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அந்த வாகனத்தில் உதறல் வந்தால் அது எஞ்சினிலோ, மவுண்டிலோ, வேறெங்கோ.

பெல்ட்டில் ஓடும் சி.வி.ரி. பெட்டிகளில் படிகள் இல்லை, ஆனால் பெல்ட்டை நெரிக்கும் அமுக்கத்துக்கும், முன்னோக்கி எடுக்கும் கிளச்சுக்கும் அளவுத் திருத்தம் உண்டு. டொயோட்டாவின் சிலவற்றில் வால்வு பொடியோ பெட்டியோ மாற்றினால் ஸ்கானரால் அமுக்கத்தை அளவு திருத்தியே ஆக வேண்டும். ஒன்றும் மாற்றாமல் அதை அழித்துவிட்டு ஓடினால், அமுக்கம் குறைவாக இருக்கும் கணத்தில் பெல்ட் வழுக்கலாம். வழுக்கிய பெல்ட் கப்பியில் கீறல் போடும். அதற்கு ரீசெட் கிடையாது.

கவனம் அதிகம் தேவைப்படுவது ஹொண்டா ஃபிட், வெசல், கிரேஸ் கைபிரிட்களில் வந்த ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டிக்கு. இதன் கிளச்சுகள் ஒயிலில் நனையாதவை, கைக் கியர் காரின் கிளச்சைப்போல. இங்கே கொம்பியூட்டர் கற்க வேண்டிய முக்கியமான விடயம் ‘தொடும் புள்ளி’, அதாவது தட்டு எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பது. தட்டு தேயத் தேய அந்த இடம் நகரும். நெரிசலில் ஊர்ந்து சூடானால் தற்காலிகமாகவும் நகரும். இந்தப் பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த குறைகளால் 2013 ஒக்டோபரிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஜப்பானில் பல தடவை அந்தக் கார்களைத் திருப்பியழைத்தார்கள்; 2014 ஒக்டோபரில் ஹொண்டாவின் தலைவர் தகனோபு இட்டோ தன் சம்பளத்தில் 20 வீதத்தை மூன்று மாதத்துக்குக் குறைத்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. அந்த நாட்களில் தயாரான வாகனம் ஒன்றை வைத்திருந்தால், ரீசெட்டுக்கு முன் அதன் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தொடும் புள்ளியை மறுபடி கற்பிப்பதைக் கையேடு சொல்லும் வரிசையில் செய்ய வேண்டும். காலி வீதியில் அரைமணி நேரம் ஊர்ந்துவிட்டுச் சூட்டோடு கற்பித்தால், மறுநாள் காலை ஆறிய கிளச்சில் அந்தப் புள்ளி பொருந்தாது. வண்டி எடுக்கும்போது நடுங்கும்.

பழைய வாகனம் வாங்குபவர்களுக்கு ஒன்று. விற்பதற்கு முதல் நாள் கணக்கை அழித்துவிட்டால், பழுதுக் குறியீடுகளோடு சேர்த்துத் தேய்மானத்தின் அடையாளமும் போய்விடும். உங்கள் மெக்கானிக் ஸ்கானர் போடும்போது எல்லாக் கிளச்சின் திருத்தமும் சுத்தமான பூச்சியமாக இருந்தால் அது நல்ல செய்தி அல்ல. 1 லட்சம் கிலோமீற்றர் ஓடிய பெட்டியில் பூச்சியம் இருக்க நியாயமில்லை. விற்பவரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டு, சூடாக்கி ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

அண்ணாவின் ஜீப் இன்னும் ஓடுகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு–மூன்று கட்டத்தின் எண் கொஞ்சம் நகர்ந்திருந்தது, மற்றவை அப்படியே. மெக்கானிக் கொப்பியில் அந்தப் பக்கத்தின் தலைப்பில் அண்ணாவின் பெயர் இல்லை, அண்ணியின் பெயர்தான் இருக்கிறது; ஓட்டுவது அவர்தானே என்றார். அடுத்த சோதனை செப்டெம்பரில்.